ஈவுக்கு முதல் நாள் வாங்கிய பங்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நடந்த வாக்குவாதத்திலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகள் பங்குத் தரகு வேலையில் இருந்தவன் என்பதால் ஊருக்குப் போனால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அன்றைக்கு இரண்டு பெரியவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். இருவரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் லோரி ஓட்டியவர், மற்றவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். இருவரும் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒரே செம்பனை நிறுவனத்தின் பங்கை, ஒரே வாரத்தில் வாங்கியிருந்தார்கள். இருவருமே தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள்.

"தம்பி, நான் ஈவு வர்றதுக்கு முந்தின நாள் வாங்கி, மறுநாளே வித்துட்டேன். ஈவு சும்மா கிடைக்கும்னு சொன்னாங்க. இப்ப பார்த்தா கையில இருந்த காசுதான் குறைஞ்சிருக்கு. மகளுக்கு செமஸ்டர் பணம் கட்டணும்" என்றார் லோரி ஓட்டுநர் அண்ணன்.

ஃபிட்டர் அண்ணனின் குறை வேறு. "பதிவு நாள் வெள்ளிக்கிழமைன்னு பேப்பர்லேயே போட்டிருந்தான். நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே வாங்கினேன். எனக்கு ஒரு காசு ஈவு வரல."

இந்த இரண்டு குறைகளுக்கும் விடை ஒன்றுதான். அதைத்தான் இன்று பேசப் போகிறேன். அவர்கள் வாங்கிய நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்துக் கணக்குப் போடுவோம்.

கே.எல்.கே. என்று நாம் சொல்லும் கோலாலம்பூர் கெப்போங் நிறுவனத்தை வட சிலாங்கூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுங்கை பூலோவுக்கும் ஈஜோக்குக்கும் இடையே துவான் மீ தோட்டம் அவர்களுடையது. பண்டார் ஸ்ரீ கோல்ஃபீல்ட்ஸ் என்ற புதிய நகரத்தைக் கட்டியதும் அவர்களுடைய குழுமம்தான். அந்த நிறுவனம் 2022 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 80 காசு இறுதி ஈவு கொடுத்தது. ஒரு பங்குக்கு 80 காசு என்றால் கேட்பதற்குச் சிறியது. ஆனால் நிறுவனத்துக்குச் சுமார் 108 கோடி பங்குகள் உண்டு. ஆக, அந்த ஒரு தடவை நிறுவனத்தின் பையிலிருந்து வெளியே போன பணம் ஏறக்குறைய 86 கோடி வெள்ளி.

இந்த 86 கோடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஈவு கொடுப்பதற்கு முதல் நாள் நிறுவனத்திடம் தோட்டங்கள் இருக்கின்றன, ஆலைகள் இருக்கின்றன, வங்கியில் அந்த 86 கோடியும் இருக்கிறது. கொடுத்த பிறகு தோட்டம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, 86 கோடி மட்டும் இல்லை. ஒரு பங்கை வாங்குகிறவர் இவை எல்லாவற்றிலும் ஒரு சிறு பகுதியைத்தான் வாங்குகிறார். முதல் நாள் வாங்குகிறவரின் பகுதியில் 80 காசு ரொக்கமும் அடக்கம். மறுநாள் வாங்குகிறவருக்கு அந்த 80 காசு கிடையாது. இருவரும் ஒரே விலை கொடுப்பார்களா?

நம் தோட்டத்து லயங்களில் ஆடு வளர்த்தவர்களுக்கு இது புதிய பாடமே அல்ல. சினை ஆட்டை விற்கும்போது குட்டிக்கும் சேர்த்துத்தானே விலை சொல்வோம்? குட்டி போட்ட பிறகு தாய் ஆட்டை மட்டும் விற்றால் விலை இறங்கும். இன்று இரவு ஆடு ஈனும் என்று தெரிந்து மாலையில் போய் வாங்கியவர், காலையில் "எனக்கு ஒரு குட்டி இலவசமாகக் கிடைத்தது" என்று சொன்னால் ஊரே சிரிக்கும். குட்டிக்கான காசை அவர் மாலையிலேயே கொடுத்துவிட்டார். பங்குச் சந்தையில் மட்டும் இதே பேச்சை நாம் நம்பிவிடுகிறோம். காரணம், அங்கே ஆடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி நாட்களுக்கு வருவோம். குழப்பம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நிறுவனம் ஈவு கொடுக்க முடிவு செய்தால் அதைப் பூர்சா மலேசியா வழியாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் திறந்து பார்த்தால் மூன்று தேதிகள் இருக்கும். முதலில் Ex-Date. அடுத்தது Entitlement Date. கடைசியாக Payment Date. நடுவில் உள்ளதைத்தான் நாம் பதிவு நாள் என்கிறோம். அன்று மாலை பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு ஈவு. கடைசித் தேதி பணம் வந்து சேரும் நாள். பதிவு நாளுக்கும் அதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும்.

முதலில் இருக்கும் Ex-Date-தான் ஆளைக் கவிழ்ப்பது. அதை ஈவு நீங்கும் நாள் என்று சொல்லலாம். சில திரைகளிலும் விலைப் பட்டியல்களிலும் அன்றைக்கு நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் XD என்று இரண்டு எழுத்து நிற்கும். அன்று காலை சந்தை திறந்ததிலிருந்து வாங்குகிறவர்களுக்கு அந்தத் தடவை ஈவு கிடையாது. அன்று விற்கிறவர் பங்கைக் கொடுத்துவிட்டாலும் ஈவு அவருக்கே வந்து சேரும்.

ஒரு நாள் முன்னதாகவே ஏன் கதவை மூட வேண்டும்? ஃபிட்டர் அண்ணன் கேட்டதும் இதைத்தான். பதிவு நாள் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை காலையில் வாங்கியவர் பெயர் மாலைப் பதிவேட்டில் இருக்க வேண்டாமா? இருக்காது. பங்கு வாங்குவது கடையில் மீன் வாங்குவது போல அல்ல. இன்று வாங்குகிறோம் என்று சொன்னாலும், காசு அவர் பக்கமும் பங்கு நம் பக்கமும் உண்மையில் கைமாறுவது இரண்டு சந்தை நாள் கழித்துத்தான். வெள்ளிக்கிழமை வாங்கியவருடைய சி.டி.எஸ். கணக்கில் பங்கு வந்து விழுவது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெயர் ஏற வேண்டுமானால் புதன்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமையை ஈவு நீங்கும் நாள் என்று சந்தை குறித்து வைக்கிறது.

இந்த இடைவெளி இன்று நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களில் பல, லண்டனில் பதிவான கம்பெனிகளின் கையில் இருந்தன. கோல சிலாங்கூர் ரப்பர் கம்பெனி என்று நம் மாவட்டத்தின் பெயரிலேயே ஒன்று இருந்தது. கே.எல்.கே.யின் தொடக்கமும் 1906-இல் லண்டனில் ஏற்பட்ட ஒரு ரப்பர் கம்பெனிதான். அந்த நாட்களில் பங்கு என்பது காகிதப் பத்திரம். விற்றால் பத்திரத்தையும் கையெழுத்திட்ட மாற்றுப் படிவத்தையும் கம்பெனிக்கு அனுப்பி, எழுத்தர் பெரிய புத்தகத்தில் பெயரை மாற்றி எழுத வேண்டும். ஈவு கொடுக்கும் முன் புத்தகத்தை மூடி வைத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். "புத்தகம் மூடும் நாள்" என்ற சொல் இன்றும் வழக்கில் இருப்பது அதனால்தான். புத்தகம் கணினிக்குள் போய்விட்டது, ஆனால் மூடும் வழக்கம் போகவில்லை.

பழைய ஆட்கள் சிலர், பதிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஈவு நீங்கும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. கைமாறுவதற்கு மூன்று சந்தை நாள் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. 2019 ஏப்ரல் 29 முதல் பூர்சா அதை இரண்டு நாளாகக் குறைத்தது. அன்றிலிருந்து இடைவெளி ஒரு சந்தை நாள். இந்தியாவில் இன்னும் வேகம். அங்கே 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளும் மறுநாளே கைமாறுகின்றன. அதனால் ஈவு நீங்கும் நாளும் பதிவு நாளும் அங்கே பொதுவாக ஒரே நாளில் வருகின்றன. தமிழ்நாட்டு உறவினர் சொல்லும் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சந்தை நாள் என்று அழுத்திச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. பதிவு நாள் வெள்ளிக்கிழமை, அதற்கு முதல் நாள் தைப்பூசம் என்று வையுங்கள். நாம் பத்துமலையில் இருப்போம், சந்தையும் மூடியிருக்கும். அப்போது ஈவு நீங்கும் நாள் புதன்கிழமைக்குப் போய்விடும். ஈவோடு வாங்கக் கடைசி நாள் செவ்வாய். விரல் விட்டு எண்ணுவதைவிட அறிவிப்பில் உள்ள Ex-Date-ஐப் பார்ப்பதே நல்லது. அது எண்ணி முடித்த தேதி.

இப்போது நம் அண்ணன்மார் இருவரின் கதையையும் கே.எல்.கே.யின் 80 காசில் போட்டுப் பார்ப்போம். பங்கின் விலை 21 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். இருவரும் ஆளுக்கு ஆயிரம் பங்கு வாங்குகிறார்கள். வேறு எந்தச் செய்தியும் இல்லாத அமைதியான வாரம்.

லோரி ஓட்டுநர் அண்ணன் புதன்கிழமை 21 வெள்ளிக்கு வாங்குகிறார். 21,000 வெள்ளி போகிறது. வியாழக்கிழமை காலை விலை 20 வெள்ளி 20 காசில் திறக்கிறது. அவர் விற்றுவிடுகிறார். கைக்கு 20,200 வெள்ளி. ஒரே நாளில் 800 வெள்ளி காணோம் என்று வயிறு எரிகிறது. மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்கில் ஈவு வந்து சேருகிறது. எவ்வளவு? 800 வெள்ளி. கூட்டினால் 21,000. போட்டது திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லவும் முடியாது. வாங்கும்போதும் விற்கும்போதும் செலவு இருக்கிறதே. தரகு நூற்றுக்கு 30 காசு என்று வைத்தால் வாங்க 63 வெள்ளி, விற்க 60 வெள்ளி 60 காசு. முத்திரை வரி, 2023 ஜூலையிலிருந்து உள்ள விகிதப்படி, ஆயிரத்துக்கு ஒரு வெள்ளி. இரண்டு பக்கமும் சேர்த்து 42 வெள்ளி. சந்தையின் தீர்வுக் கட்டணம் இரண்டுக்கும் 12 வெள்ளி சொச்சம். ஆக 178 வெள்ளி போய்விட்டது. தரகு விகிதம் இடத்துக்கு இடம் மாறும், இணையத்தில் குறைவாகவும் கிடைக்கும். ஆனால் அது சுழியம் ஆகாது. ஒன்றும் கிடைக்காத வேலைக்கு அண்ணன் 178 வெள்ளி கூலி கொடுத்திருக்கிறார். அது போக, செமஸ்டர் கட்ட வேண்டிய பணத்தில் 800 வெள்ளி மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்தது. அவருடைய உண்மையான கஷ்டம் அந்த மூன்று வாரம்தான்.

ஃபிட்டர் அண்ணன் என்ன ஆனார்? அவர் வெள்ளிக்கிழமை 20 வெள்ளி 20 காசுக்கு வாங்கினார். கொடுத்தது 20,200. ஈவு வரவில்லை. ஆனால் புதன்கிழமை வாங்கியிருந்தால் 800 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருப்பாரே! அந்த 800 அவருடைய வங்கியிலேயே இருக்கிறது. நண்பர் 800 வெள்ளியைக் கொடுத்துவிட்டு அதையே திரும்ப வாங்கினார். இவர் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. இதை நான் ஒரு சிகரெட் பெட்டியின் உள்தாளில் எழுதிக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படின்னா நான்தான் தப்பிச்சேனா?" என்று கேட்டார். தப்பிக்கவும் இல்லை. அவரும் தரகு கொடுத்தார், ஆனால் விற்காததால் ஒரு பக்கத்துச் செலவோடு நின்றுகொண்டார்.

இங்கே நேயர்களில் சிலர், "நான் பார்த்த பங்கு அப்படி இறங்கவில்லையே" என்று சொல்வீர்கள். 80 காசு ஈவு, விலை 50 காசுதான் இறங்கியது, மிச்சம் 30 காசு லாபம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் தொழிலில் அதிகம் கேட்ட கேள்வியும் இதுதான்.

விலை ஒவ்வொரு நாளும் தன்பாட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. செம்பனை நிறுவனம் என்றால் கச்சா பாமாயிலின் முன்பேர விலை ஏறினால் ஏறும், சிக்காகோவில் சோயா எண்ணெய் விழுந்தால் விழும். வியாழக்கிழமை பாமாயில் விலை ஏறி, செம்பனைப் பங்குகள் எல்லாம் நூற்றுக்கு ஒன்றரை ஏறின என்று வையுங்கள். ஈவு நீங்கிய விலையான 20 வெள்ளி 20 காசில் ஒன்றரை விழுக்காடு என்பது 30 காசு. ஆகவே 20 வெள்ளி 50 காசில் முடிகிறது. பார்ப்பவருக்கு 50 காசு இறக்கம்தான் தெரியும். ஆனால் அந்த 30 காசு ஈவினால் வந்தது அல்ல. அன்றைக்கு ஈவே கொடுக்காத வேறொரு செம்பனைப் பங்கை வைத்திருந்தவருக்கும் அதே ஒன்றரை விழுக்காடு கிடைத்திருக்கும். மறுபக்கம், அன்றைக்குப் பாமாயில் விழுந்திருந்தால் 80 காசுக்குப் பதில் ஒரு வெள்ளி பத்துக் காசு இறங்கியிருக்கும். அந்தக் கதையை யாரும் தேநீர்க் கடையில் சொல்வதில்லை. வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஈவு நீங்கிய நாளில் அந்தப் பங்கின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்க்காமல், அதே துறையில் உள்ள மற்ற மூன்று நான்கு பங்குகளின் அன்றைய நிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தை ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து இருபது தடவை குறித்து வைத்தால், கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சராசரி இறக்கம் ஈவின் அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் காண்பீர்கள். இன்னொரு எச்சரிக்கை. கைபேசியில் பார்க்கும் விலை வரைபடங்கள் பல, பழைய விலைகளிலிருந்து ஈவைக் கழித்துவிட்டுத்தான் கோடு போடுகின்றன. அதில் இறக்கம் தெரியவே தெரியாது. "பாருங்கள், விலை விழவே இல்லை" என்று யாராவது அந்தப் படத்தைக் காட்டினால், அன்றைய உண்மையான முடிவு விலையைக் கேளுங்கள்.

இரண்டாவது வாதம் இதைவிடச் சாமர்த்தியமானது. "இன்றைக்கு இறங்கட்டும், ஒரு மாதத்தில் பழைய 21 வெள்ளிக்கு ஏறிவிடும், அப்போது விற்றால் ஈவு மிச்சம்தானே." ஏறலாம். செம்பனை வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள், நிறுவனம் புதிதாகச் சம்பாதித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் 21 வெள்ளிக்கு ஏறினால் 20 வெள்ளி 20 காசுக்கு வாங்கிய ஃபிட்டர் அண்ணனுக்கும் அதே 80 காசு ஏற்றம் கிடைக்கிறது. ஈவை வாங்கிக்கொண்டு விலை ஏறக் காத்திருந்தவருக்கும் 800, ஈவு வாங்காமல் காத்திருந்தவருக்கும் 800. ஏற்றம் வந்தது பங்கை வைத்திருந்ததற்காக. முதல் நாள் ஓடிப்போய் வாங்கியதற்காக அல்ல. ஏறாமல் போனாலும் இருவரும் ஒன்றாகத்தான் அமர்ந்திருப்பார்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகத்தில் சில இடங்களில் இந்தக் கணக்கு ஈவின் அளவோடு சரியாகப் பொருந்துவதில்லை. அமெரிக்காவில் எல்டன், குரூபர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், ஈவு நீங்கும் நாளில் விலை ஈவைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறங்குகிறது என்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஈவுக்கு வரி அதிகம், பங்கை விற்ற லாபத்துக்கு வரி குறைவு. வரி போக 80 காசு ஈவின் மதிப்பு 80 காசுக்குக் குறைவு என்றால், அதற்காக யாரும் முழு 80 காசு கொடுக்கமாட்டார்கள் அல்லவா? நம் நாட்டிலும் முன்பு ஒரு நெளிவு இருந்தது. நிறுவனம் ஈவில் வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும். வருமானம் குறைந்தவர்கள் படிவம் போட்டு அந்த வரியைத் திரும்பப் பெறலாம். ஓய்வு பெற்ற பல தோட்டத்துக் கிராணிகள் ஆண்டுதோறும் அந்தப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள். 2008-இல் ஒற்றை அடுக்கு முறை தொடங்கி, 2013 முடிவோடு பழைய முறை முற்றாகப் போய்விட்டது. இப்போது நிறுவனம் தன் லாபத்துக்கு வரி கட்டிவிடுகிறது, நமக்கு வரும் ஈவு அப்படியே நம்முடையது. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் ஈவு வாங்கும் தனிநபருக்கு, மேற்பட்ட தொகைக்கு 2 விழுக்காடு வரி உண்டு. ஆயிரம் பங்குக்காரர்களை அது தொடாது. எனவே நம்மைப் போன்றவர்களுக்கு 80 காசு ஈவும் 80 காசு விலையும் ஒரே எடை. ஒரு பக்கம் சாய வழியே இல்லை.

அப்படியானால் நம் மக்களிடம் இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது? நான் யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம் தென்படுகிறது. நம்மில் பலர் முதலில் பழகியது பங்குச் சந்தை அல்ல, அமானா சஹாம். அமானா சஹாம் மலேசியா போன்ற நிலை விலைத் திட்டங்களில் ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளிதான். ஈவு கொடுப்பதற்கு முன்னும் ஒரு வெள்ளி, கொடுத்த பின்னும் ஒரு வெள்ளி. புத்தகத்தில் ஈவு ஏறும், முதல் குறையாது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஈவு என்றாலே மேலே வைத்துக் கொடுக்கும் கொசுறு போலத் தெரிகிறது. பங்கிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

அங்கேயும் முதல் நாள் போட்டு முழு ஈவை அள்ள முடியாது என்பதைக் கவனியுங்கள். அந்தத் திட்டங்கள் ஈவைக் கணக்கிடுவது மாதந்தோறும் நம் கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்பை வைத்து. பன்னிரண்டு மாதமும் பணம் இருந்தவருக்குப் பன்னிரண்டு மாத ஈவு, கடைசி மாதம் வந்தவருக்கு ஏறக்குறைய ஒரு மாத ஈவு. பங்குச் சந்தை விலையை இறக்கிச் சரி செய்கிறது, அமானா சஹாம் மாதத்தை எண்ணிச் சரி செய்கிறது. வழி வேறு, கடைசியில் வந்தவருக்கு இரண்டிலும் கொசுறு இல்லை.

விலை மாறும் யூனிட் டிரஸ்ட் வேறு வகை. அது பங்கு போலவே நடந்துகொள்ளும். யூனிட் விலை ஒரு வெள்ளியாக இருந்து 5 காசு பகிர்ந்தளித்தால் மறுநாள் விலை 95 காசு. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. "அடுத்த வாரம் பகிர்வு வருகிறது, அதற்குள் போட்டுவிடுங்கள் அண்ணே" என்று முகவர் யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் உங்களுக்காக அல்ல. விற்பனைக் கட்டணம் நூற்றுக்கு ஐந்து என்று இருந்தால், 5 காசைத் திரும்ப வாங்குவதற்காக 5 காசு கட்டணம் கொடுத்து உள்ளே போகிறீர்கள்.

அப்படி ஒரு பேச்சை நம்பித்தான் லோரி ஓட்டுநர் அண்ணனும் வாங்கினார். "ஈவு 800 வெள்ளி, ஒரே நாள் வேலை" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. 800 வெள்ளி வந்தது. விலை இறங்கும் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கருத்தரங்கை நடத்துபவர் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார். அதற்குள் நடைமுறைக்கான இரண்டு செய்திகள். பங்கை விற்க நினைத்திருக்கிறீர்கள், நடுவில் ஈவு வருகிறது என்றால், ஈவுக்காகக் காத்திருந்து விற்பதா, முன்பே விற்பதா என்று தூக்கம் கெட வேண்டாம். முன்பே விற்றால் விலையில் கிடைக்கும், பின்பு விற்றால் ஈவாகக் கிடைக்கும். அவசரமாகக் காசு தேவைப்படுகிறவர் ஈவு நீங்குவதற்கு முன்பே விற்பது நல்லது. மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. மகளின் செமஸ்டர் பணத்துக்கு இது பொருந்தும்.

மற்றது, ஈவு போய்ச் சேரும் இடம். 2010-க்குப் பிறகு ஈவு நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சி.டி.எஸ். கணக்கில் வங்கி எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் கணக்குத் தொடங்கியபோது தோட்டத்து முகவரியைக் கொடுத்திருந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயமும் இடிக்கப்பட்டு, அந்த முகவரியில் இன்று வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. கடிதம் யாருக்குப் போகும்? உங்கள் தரகரிடம் ஒரு தடவை கேட்டு, எந்த வங்கி எண், எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பழைய பத்திரமோ ஈவுக் காசோலையோ கிடந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஃபிட்டர் அண்ணன் அந்தப் பங்கை இன்னும் வைத்திருக்கிறார். அதற்கடுத்த ஈவு அவருக்கு முறையாக வந்தது. வந்த அன்று எனக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, ஈவு வந்துச்சு. விலையும் அன்னிக்கு அதே அளவு இறங்கிச்சு, பேப்பர்ல வெட்டி வச்சிருக்கேன்" என்றார்.